ஷியர் டயகிராம் ஜீரோவில் முடிந்தாலும் கணக்கு தப்பாக இருக்கலாம்

கேள்வி: டிப்ளமோ சிவில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், ஊர் மன்னார்குடி பக்கம். எங்கள் வாய்க்கால் பாலத்தை வைத்து ஒரு கணக்கு. 5 மீட்டர் ஸ்பான், இரண்டு இரும்பு பீம். டிராக்டரின் பின் சக்கரம் ஏ முனையிலிருந்து 2 மீட்டரில், முன் சக்கரம் 4 மீட்டரில். ஒரு பீமுக்கு பின் சக்கரச் சுமை 8, முன் சக்கரச் சுமை 4 கிலோநியூட்டன். இரண்டு முனையும் தாங்குகிற ரியாக்‌ஷனைப் பாதிப் பாதியாக 6, 6 என்று போட்டு ஷியர் ஃபோர்ஸ் டயகிராம் வரைந்தேன். பி முனையில் சரியாக ஜீரோவில்தான் முடிகிறது. ஆனாலும் சார் மார்க் தரவில்லை. எது தப்பு?

பதில்: சார் செய்தது சரிதான். இரண்டு ரியாக்‌ஷனையும் கூட்டினால் 12 வருகிறது என்பதைத் தவிர, டயகிராம் ஜீரோவில் முடிவது வேறு எதையும் சொல்லாது. 6, 6 போட்டாலும் முடியும், 10, 2 போட்டாலும் முடியும். மேலே தள்ளுகிற விசையும் கீழே இழுக்கிற சுமையும் சமமாக இருக்கின்றன, அவ்வளவுதான். பீம் சுழலாமல் நிற்குமா என்பது வேறு விஷயம். அதற்கு மொமென்ட், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கி வரும் சுழற்றும் அளவு, எடுத்தே ஆகவேண்டும்.

பாதிப் பாதி எப்போது வரும்? சுமைகள் பீமின் நடுவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்திருந்தால் வரும். இங்கே அப்படி இல்லை. நெல் மூட்டையைக் கழியில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிப் போகும்போது, மூட்டை யார் பக்கம் நகர்கிறதோ அவர் தோளில்தான் பாரம் ஏறும். பீமும் அப்படித்தான் பங்கு பிரிக்கிறது. சுமை ஒரு முனைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அந்த முனைக்கு அவ்வளவு அதிகம்.

ஏ முனையைச் சுற்றி மொமென்ட் எடுங்கள். ஏ-யின் ரியாக்‌ஷன் அந்தப் புள்ளியிலேயே இருப்பதால் அதற்கு மொமென்ட் கிடையாது. தெரியாத எண் ஒன்றுதான் மிஞ்சும்.

R_B × 5 = 8 × 2 + 4 × 4 = 32
R_B = 6.4 kN

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் 12-லிருந்து 6.4-ஐக் கழித்து 5.6 என்று எழுதிவிட்டு டயகிராமுக்குப் போய்விடுவார்கள். விடை சரிதான், ஆனால் பழக்கம் சரியில்லை. முதல் விடையில் தப்பு இருந்தால் கழித்தலில் அந்தத் தப்பு அப்படியே அடுத்ததற்கும் போகும், கூட்டினால் மட்டும் 12 வந்துகொண்டே இருக்கும். ஜீரோவில் முடிகிற தப்பான டயகிராம்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். அதனால் பி முனையைச் சுற்றித் தனியாக இன்னொரு முறை எடுங்கள். இப்போது தூரங்களை பி-யிலிருந்து அளக்க வேண்டும்: பின் சக்கரம் 3 மீட்டர், முன் சக்கரம் 1 மீட்டர்.

R_A × 5 = 8 × 3 + 4 × 1 = 28
R_A = 5.6 kN

இனி கூட்டிப் பாருங்கள், 12 வருகிறது. தனித்தனியாக வந்த இரண்டு விடைகளைக் கூட்டி 12 வந்தால் அது ஒரு சோதனை. கழித்து எடுத்ததைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை.

விடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கனமான பின் சக்கரம் ஏ-க்குத்தான் பக்கம், ஆனால் அதிகம் தாங்குவது பி. முன் சக்கரம் பி-யை ஒட்டியே நிற்பதால் அதன் 4-இல் 3.2 பி-க்குப் போய்விடுகிறது. கண்ணால் பார்த்து ஊகித்தால் பலரும் ஏ-தான் அதிகம் என்பார்கள்.

சரி, இப்போது டயகிராம். இடது முனையில் மேல்நோக்கிய விசை பிளஸ் என்று வைத்துக்கொண்டு ஏ-யிலிருந்து வலப்பக்கம் நடந்து போங்கள். ஏ-யில் கோடு செங்குத்தாக 5.6-க்கு ஏறும். 2 மீட்டர் வரை நடுவில் சுமை எதுவும் இல்லாததால் படுக்கைக் கோடு. பின் சக்கரத்துக்குக் கீழே ஒரேயடியாக 8 இறங்கி மைனஸ் 2.4. அங்கிருந்து 4 மீட்டர் வரை மறுபடி படுக்கைக் கோடு. முன் சக்கரத்தில் 4 இறங்கி மைனஸ் 6.4. பி-யில் 6.4 ஏறி ஜீரோ. ‘2 மீட்டரில் ஷியர் எவ்வளவு?’ என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. சக்கரத்துக்குச் சற்று இடப்பக்கம் பிளஸ் 5.6, சற்று வலப்பக்கம் மைனஸ் 2.4. தேர்வில் இரண்டையும் எழுதுங்கள். புள்ளிச் சுமைகளுக்கு நடுவே சாய்கோடு போட்டிருந்தால் அது தப்பு. பீமின் சொந்த எடையையும் சேர்த்தால் மட்டும்தான் கோடு சாயும், உங்கள் கணக்கில் அது கேட்கப்படவில்லை.

இனி, உங்கள் தப்பைப் பிடித்துக் கொடுத்திருக்கக்கூடிய சோதனை. டயகிராமின் பரப்பளவைக் கணக்கிடுங்கள். ஜீரோ கோட்டுக்கு மேலே இருப்பது பிளஸ், கீழே இருப்பது மைனஸ்.

5.6 × 2 − 2.4 × 2 − 6.4 × 1 = 11.2 − 4.8 − 6.4 = 0

அதே சோதனையை உங்கள் 6, 6-க்குச் செய்தால்:

6 × 2 − 2 × 2 − 6 × 1 = 12 − 4 − 6 = 2

மாட்டிக்கொண்டது. தூரங்களை மாற்றிப் போட்டு ஏ-க்கு 6.4, பி-க்கு 5.6 என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் டயகிராமும் ஜீரோவில் அழகாக முடியும், பரப்பு மட்டும் 4 என்று நிற்கும்.

காரணம் இதுதான். ஷியர் டயகிராமின் பரப்பளவைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தந்த இடத்து வளைவு மொமென்ட் கிடைக்கும். வெறுமனே உட்கார்ந்திருக்கிற பீமின் முனை சுலபமாகத் திரும்பும், அதனால் இரண்டு முனையிலும் மொமென்ட் ஜீரோ. ஏ-யில் ஜீரோவில் தொடங்கியது பி-யில் ஜீரோவுக்கே வந்தாக வேண்டும். 6, 6 போட்டபோது வந்த 2, பி முனையில் இல்லாத ஒரு மொமென்ட்டை நீங்கள் கற்பனையாக வைத்துவிட்டதன் அளவு. கூடவே ஒரு லாபம்: கோடு பிளஸிலிருந்து மைனஸுக்கு மாறுகிற 2 மீட்டரில்தான் மொமென்ட் அதிகபட்சம், 11.2 கிலோநியூட்டன் மீட்டர். அடுத்த டயகிராமுக்கான எண் கையில் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை கணக்குத் தப்பைப் பிடிக்குமே தவிர, 8-ஐ 6 என்று தப்பாக எடுத்து எழுதியிருந்தால் பிடிக்காது. பீம் முனையை இரண்டு பக்கச் சுவரிலும் கான்கிரீட் போட்டு இறுக்கியிருந்தால் முனை மொமென்ட் ஜீரோவாகவே இருக்காது, அப்போது மேலே சொன்ன முறையும் செல்லாது. உங்கள் ஊர்ப் பாலத்தில் பீம் சுவரின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கிறதா, உள்ளே பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெறுமனே அமர்ந்திருந்தால், களிமண்ணில் ஒரு பக்கச் சுவர் கொஞ்சம் இறங்கினாலும் 5.6-ம் 6.4-ம் மாறாது.

நீங்கள் வரைந்தது டிராக்டர் ஓர் இடத்தில் நிற்கும்போது உள்ள டயகிராம். பாலத்துக்கு அதுவே மோசமான நிலை இல்லை. பின் சக்கரம் ஏ-யைத் தாண்டி அப்போதுதான் பீமில் ஏறியிருக்க, முன் சக்கரம் 2 மீட்டரில் இருந்தால் ஏ-யின் ரியாக்‌ஷன் 8 + 4 × 3/5, அதாவது 10.4. பீமின் ஷியரைச் சரிபார்க்க எடுக்க வேண்டியது இந்த எண்தான். டிராக்டர் எதிர்ப்பக்கமிருந்தும் வரும் என்பதால் பி முனைக்கும் இதே 10.4-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.