தங்கம் விலை கூடிப்போயிருக்கிறதா? டாலர் விகிதமும் நம் ராண்டும்

கேள்வி: டர்பனில் இருக்கிறேன். க்ரூகர்ராண்ட் தங்க நாணயம் வாங்கலாமென்று எண்ணம். தங்க விலையைப் பங்குச் சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டால், விலை அதிகமா குறைவா என்று தெரியும் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: ஓரளவுக்கு நம்பலாம். ஆனால் அது சொல்வது டாலரில் தங்கத்தின் நிலையை. நாம் காசு கொடுப்பதோ ராண்டில்.

டோ ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பங்குக் குறியீட்டை ஓர் அவுன்சு தங்கத்தின் டாலர் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் சின்னதாக இருந்தால், பங்குகளோடு ஒப்பிடும்போது தங்கம் ஏறிக் கிடக்கிறது. பெரிதாக இருந்தால் மலிவு. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது, டோவும் கிட்டத்தட்ட அதே எண்ணில் நின்றது, விகிதம் 1. 1999 ஆகஸ்டில் தங்கம் 255 டாலர், டோ சுமார் 11,000; விகிதம் 43. 1971க்கு முந்தைய எண்களை இதோடு சேர்க்காதீர்கள். அப்போது தங்க விலையை அமெரிக்க அரசே கட்டிவைத்திருந்ததால், விகிதத்தில் ஆடியது பங்குகள் மட்டும்தான்.

இனி நம் ஊர் விஷயம். 2001 கடைசியில் ராண்ட் படுவீழ்ச்சி கண்டு, ஒரு டாலருக்குச் சுமார் 12 ராண்ட் ஆனது. தங்கம் 277 டாலர் அளவில்தான் இருந்தது, விகிதம் 36. ஆக டாலர் கணக்கில் தங்கம் நல்ல மலிவு. அதே அவுன்சு ராண்டில் 3,300க்கு மேல். விகிதத்தை மட்டும் நம்பி அன்று வாங்கியவருக்கு என்ன ஆனது? 2004 கடைசியில் தங்கம் 435 டாலருக்கு மேல் போயிற்று, விகிதம் சொன்னது பலித்தது. ஆனால் ராண்டும் வலுத்து, டாலர் 5.65 ராண்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. பெருக்கிப் பார்த்தால் அவுன்சு 2,450 ராண்ட் சொச்சம். டாலரில் லாபம், கையில் நட்டம்.

அதனால் நான் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்ப்பேன்: தங்கம் மலிவா என்பதற்கு விகிதம், ராண்ட் அளவுக்கு மீறி விழுந்திருக்கிறதா என்பதற்குக் கடந்த சில வருடங்களில் ஒரு டாலர் எத்தனை ராண்டுக்குப் போனது என்ற கணக்கு. ராண்ட் பதற்றத்தில் சரிந்த வாரத்தில் மொத்தத் தொகையையும் போட வேண்டாம், பல மாதங்களாகப் பிரித்து வாங்குங்கள்.

விகிதம் நேரம் காட்டாது என்பதையும் மனதில் வையுங்கள். 1978 கடைசியில் டோ 805, தங்கம் 226 டாலர், விகிதம் 3.6. தங்கம் ஏறிவிட்டது என்று அன்று விற்றவர், அடுத்த பதின்மூன்று மாதத்தில் அது ஏறக்குறைய நான்கு மடங்காவதைப் பார்த்தார்.

டோவுக்குப் பதில் ஜோகன்னஸ்பர்க் குறியீட்டை வைத்தால் ராண்ட் சிக்கல் தீருமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் தங்கச் சுரங்கப் பங்குகளும் இருக்கின்றன. தங்கம் ஏறினால் அவையும் ஏறிக் குறியீட்டைத் தூக்கிவிடும். தங்கத்தின் ஏற்றம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.