கோல் கம்பம் விழுந்து கை முறிவு: பள்ளி பொறுப்பில்லையா?

"பி.டி. பீரியடில் கோல் கம்பம் சாய்ந்து பையனுக்குக் கை முறிஞ்சிடுச்சு. அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பொறுப்பில்லைன்னு ஸ்கூல்ல சொல்றாங்க."

அந்தக் கையெழுத்து பெரிய கவசமில்லைங்க. ஓடும்போது தானாக இடறி விழுந்திருந்தால் பள்ளியைக் குறை சொல்வது கஷ்டம். கம்பம் சாய்ந்தது வேறு கதை. தரையில் முளை அடித்துக் கட்டாமலோ, பின்சட்டத்தில் மணல்மூட்டை வைக்காமலோ நிறுத்தினால், பையன்கள் தொங்கியதும் முன்பக்கம் கவிழும். அது பராமரிப்பில் கவனக்குறைவு.

இன்றே கம்பத்தின் அடிப்பகுதியைப் படமெடுங்கள். நாளைக்கே சிமெண்ட் போட்டுவிடுவார்கள். சிசிடிவி பதிவு சில நாளில் அழியும், பாதுகாக்கச் சொல்லி டெலிவரி சான்றுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டின் காப்பி வாங்குங்கள், அதில் "கீழே விழுந்தான்" என்று மட்டும் இருந்தால் உங்கள் வாதம் அடிபடும்.