12 ஏ.எம். என்றால் எந்த ராத்திரி? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கோவைக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறேன். 14-6-2025 சனிக்கிழமை 12:15 ஏ.எம். என்று போட்டிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும்தானே?

பதில்: வேண்டாம் தம்பி, வெள்ளிக்கிழமை ராத்திரி, அதாவது 13-ம் தேதி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை ராத்திரி போனால் உங்கள் பஸ் முந்தின ராத்திரியே போயிருக்கும். வெள்ளி 11:59 பி.எம்.முக்கு அடுத்த நிமிடம் சனி 12:00 ஏ.எம்., அங்கேயே தேதி மாறிவிடுகிறது. நாம் பேச்சில் தூங்கி எழும்வரை அதை வெள்ளி ராத்திரி என்றே சொல்கிறோம், டிக்கெட் அப்படிப் பார்ப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் அதே டிக்கெட்டில் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். கோவை போய்ச் சேர்வது 14-ம் தேதி காலை என்று இருந்தால், ஏறுவது அதற்கு முந்தின ராத்திரியாகத்தான் இருக்க முடியும். பஸ் ஏறும் இடத்துக்கு 11:45-க்கெல்லாம் வரச் சொல்லியிருப்பார்கள், அது 13-ம் தேதி 11:45 பி.எம். எஸ்.எம்.எஸ்.ஸில் 14 என்ற தேதியை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: நான் விழுப்புரத்தில் ரயில் ஏறணும். ரயில் எழும்பூரில் வெள்ளி ராத்திரி 10 மணிக்கு மேல்தான் கிளம்புகிறது. எந்தத் தேதிக்கு புக் பண்ணுவது?

பதில்: அந்த ரயில் விழுப்புரம் வருவதற்குள் 12 தாண்டிவிடும், அதனால் சனிக்கிழமை தேதி. ரயில்வே 24 மணி நேரக் கணக்கு போடுவதால் 00:20 என்பது போலத் தெளிவாக இருக்கும், பயணத் தேதியும் நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் தேதிதான். ஆம்னி பஸ்ஸில் மட்டும் கவனம் வேண்டும். சில இடங்களில் பஸ் முதலில் கிளம்பும் ஊரின் தேதியைப் போடுகிறார்கள், சில இடங்களில் நீங்கள் ஏறும் இடத்தின் தேதியைப் போடுகிறார்கள். போன் போட்டு "எந்தக் கிழமை ராத்திரி?" என்று கேட்டுவிடுங்கள், தேதியைக் கேட்டால் அவர்களும் குழம்புவார்கள்.

கேள்வி: 11 ஏ.எம்.முக்கு அப்புறம் 12 ஏ.எம். தானே வரணும்? 11:59 வரைக்கும் ஏ.எம். என்று ஸ்கூலில் சொன்னார்கள். அதனால் மதியம்தான் 12 ஏ.எம்.

பதில்: 11:59 வரை ஏ.எம். என்பது சரி. ஆனால் 12-ஐ 11-க்கு அடுத்த படியாக நினைக்கிறீர்கள், அங்கேதான் இடறுகிறது. இந்தக் கணக்கில் 12 என்பது பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடம், வரிசையே 12, 1, 2 என்று தொடங்கி 11-ல் முடிகிறது. அதனால் 12:30 ஏ.எம். என்றால் 00:30, 12:30 பி.எம். என்றால் மதியம் 12:30. உச்சிப்பொழுது சரியாக 12 மணி என்பது மதியத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று வாதாடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டே பகல் 12, இரவு 12 இரண்டுக்கும் ஏ.எம்., பி.எம். போடாமல் நண்பகல், நள்ளிரவு என்றே எழுதச் சொல்கிறது. ஆனால் செல்போன் மதியத்துக்கு 12:00 பி.எம். என்றுதான் காட்டும், டிக்கெட்டும் அதே வழிதான்.

கேள்வி: என் வாட்ச்சில் மத்தியானம் தேதி மாறுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி நன்றாக இருக்கிறது, வாட்ச் 12 மணி நேரம் தள்ளி நிற்கிறது. மணி முள்ளை ஒருமுறை முழுச் சுற்று சுற்றி 12-ஐத் தாண்டவிடுங்கள், தேதி நள்ளிரவில் மாறும்.

கேள்வி: பேத்தி திங்கள் ராத்திரி 12:20-க்குப் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் செவ்வாய்க்கிழமை தேதி இருக்கிறது. வீட்டில் திங்கள் என்கிறோம். எதைத் திருத்துவது?

பதில்: எதையும் திருத்த வேண்டாம் அம்மா. சான்றிதழுக்கு நள்ளிரவில் நாள் மாறுகிறது, பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில் மாறுகிறது, இரண்டும் அதனதன் கணக்கில் சரி. கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கும்போது சான்றிதழில் உள்ள தேதியையே கொடுத்து 12:20 ஏ.எம். என்று போடுங்கள், கிழமையை அதுவே உதயத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளும். பி.எம். என்று கை தவறிப் போட்டால் 12 மணி நேரம் தள்ளிவிடும். ஒரு லக்னம் சுமார் 2 மணி நேரம் என்பதால் லக்னம் ஏறக்குறைய ஏழாவது ராசிக்கே போய்விடும், நட்சத்திரம்கூட மாறலாம். ஏற்கெனவே எழுதிய ஜாதகம் இருந்தால் சூரியன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுராத்திரியில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் லக்னத்திலிருந்து நான்காம் இடத்தையொட்டி இருக்கும், பத்தாம் இடத்துப் பக்கம் இருந்தால் மதியம் என்று கணித்திருக்கிறார்கள்.

கேள்வி: விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் 15-ம் தேதி 12 ஏ.எம். என்று போட்டிருக்கிறார்கள். 15-ம் தேதி ராத்திரி வரை இருக்கிறது என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: எழுத்துப்படி பார்த்தால் 14-ம் தேதி ராத்திரியோடு முடிந்துவிடும். எழுதினவர் உங்கள் நண்பரைப் போலவே நினைத்து எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அது அவருக்குத்தான் தெரியும். மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் வரும்வரை 14-ம் தேதி என்றே வைத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள். இதனால்தான் கவனமாக எழுதுகிறவர்கள் 11:59 பி.எம். என்று போடுகிறார்கள்.