ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை நிமிடம்?

போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார் பிளஸ் டூ படிக்கும் மகளோடு வந்தார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 61. மதுரையில் தங்கிப் படிக்கிற நீட் பயிற்சியில் உடனே சேர்த்துவிடச் சொல்லி மச்சினர் நச்சரிக்கிறாராம். அதற்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

பிள்ளையோ ஒத்தக்கடை வேளாண் கல்லூரி என்கிறாள். அதற்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. "மச்சினரா படிக்கப் போகிறார்? சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விடைத்தாளைப் புரட்டினேன். கடைசி இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்குகள் எழுதவே இல்லை. "தெரியும் சார், நேரம் பத்தலை" என்றாள்.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுத் தேர்வு எழுதச் சொன்னேன். பழைய வினாத்தாள் 2020 மார்ச்சுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது, பாடத்திட்டமே வேறு. 10 மணிக்குத் தாளைக் கையில் கொடுத்தால், முதல் பத்து நிமிடம் படிக்க மட்டும். பத்தில் ஏழு எழுதும் பகுதிகளில் எந்த ஏழு என்று அப்போதே டிக் அடித்துவிட வேண்டும், கட்டாய வினாவையும் சேர்த்து. 10.15க்கு எழுத ஆரம்பம்.

180 நிமிடம், 90 மதிப்பெண். மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் என்று முழுவதையும் பங்கு போட்டால் சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. 18 நிமிடத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி 162இல் மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். அப்படியென்றால் ஒரு மதிப்பெண் வினா இருபதுக்கும் 36 நிமிடம், இரண்டு மதிப்பெண் ஏழுக்கு 25, மூன்று மதிப்பெண் ஏழுக்கு 38, ஐந்து மதிப்பெண் ஏழுக்கு 63. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு ஒன்பது நிமிடம் வரும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மணியை ஓரத்தில் குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். அவள் குறித்தது: 11.10, 11.38, 12.20. 36 நிமிடத்தில் முடியவேண்டிய ஒரு மதிப்பெண் பகுதி 55 நிமிடத்தைத் தின்றிருக்கிறது. ஓரத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. நான்கு வினாக்களுக்கு ஐந்து மதிப்பெண் கணக்குப் போல முழு வழிமுறையும் போட்டிருக்கிறாள். மிச்சமிருந்த 55 நிமிடத்தில் ஐந்து பெரிய கணக்குதான் முடிந்தது. அரையாண்டில் விட்ட அதே இரண்டு.

அடுத்த ஞாயிறுக்கு ஒரே விதிதான் வைத்தோம். ஒரு மதிப்பெண் வினா இரண்டு நிமிடத்தில் மசியவில்லையா, வினா எண்ணை எழுதி, குறியீடும் விடையும் எழுத ஒரு வரி விட்டு, வினாத்தாளில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு நகர வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்கு மனசே வரவில்லையாம். ஆனாலும் மூன்றை விட்டுவிட்டு 38 நிமிடத்தில் அந்தப் பகுதியைத் தாண்டினாள். ஏழாவது பெரிய கணக்கு முடிந்தபோது மணி 1.02. விட்ட மூன்றுக்கும் 13 நிமிடம் கையில் இருந்தது.

இயற்பியலுக்கு இதே அளவு பொருந்தாது. அங்கே 70 மதிப்பெண்தான், 18 நிமிடம் போக மதிப்பெண்ணுக்கு 2.3 நிமிடம். அந்தக் கணக்கை அவளே போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.