பணம் கட்டிய பிறகு வந்த சலுகை: ரசீதைத் தொடலாமா?

"எங்கள் தனியார் பள்ளியில் இந்த ஆண்டு முதல் கட்டணக் கணக்கை ஈஆர்பி மென்பொருளில் வைக்கிறோம். ஆண்டுக் கட்டணம் மூன்று தவணை. ஒரு மாணவியின் தந்தை ஜூனில் முதல் தவணையை முழுதாகக் கட்டிவிட்டார். ஜூலையில் அவளுடைய தம்பியையும் இங்கேயே சேர்த்தார். அதனால் மாணவிக்குக் கல்விக் கட்டணத்தில் 25 சதவீதம் சலுகை தரும்படி தாளாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய ரசீதை ரத்து செய்து, குறைந்த தொகைக்குப் புதிய ரசீது போடலாமா?"
— பள்ளி அலுவலகக் கணக்காளர், ஈரோடு

போடக் கூடாது. ஜூன் மாதம் அவர் கட்டிய பணம் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்தப் பணம் வந்ததற்கான சாட்சிதான் ரசீது. பிறகு யார் என்ன முடிவெடுத்தாலும், வந்த தொகை மாறப்போவதில்லை. ரசீதைக் குறைத்துப் போட்டால், வங்கி அறிக்கையில் ஒரு தொகையும் வசூல் பதிவேட்டில் வேறு தொகையும் நிற்கும். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். பெற்றோரின் கையிலோ பழைய ரசீது அப்படியே இருக்கும்.

சலுகை என்பது பள்ளி கேட்க வேண்டிய தொகையைக் குறைப்பது. ஆகவே அது கேட்புத் தொகையில்தான் பதிவாக வேண்டும். கேட்பு, சலுகை, ரசீது ஆகிய மூன்றும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கும்வரை கணக்கு குழம்பாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் 30,000 ரூபாய், கணினி ஆய்வகம் 3,000, பேருந்து 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 42,000, தவணைக்கு 14,000. சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும் என்பதால் 7,500 ரூபாய். தந்தை ஆண்டு முழுவதற்கும் கட்ட வேண்டியது 34,500.

இனி நீங்கள் மென்பொருளைத் திறக்கும் முன் தாளாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சலுகை ஆண்டின் தொடக்கத்திலிருந்தா, அல்லது மீதமுள்ள இரண்டு தவணைகளில் மட்டும் கழிக்க வேண்டுமா? கடிதத்தில் இது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. எப்படியும் 7,500 தானே என்று விட்டுவிடாதீர்கள். மாணவி இரண்டாம் தவணைக்கு முன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் வித்தியாசம் தெரியும். தொடக்கத்திலிருந்தே சலுகை என்றால் முதல் தவணையில் 2,500 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறீர்கள். அதைத் திருப்பித் தர வேண்டும். மீதித் தவணைகளில் மட்டும் என்றால் அந்தப் பேச்சே எழாது. கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலிருந்து என்று முடிவானால், மூன்று தவணைக்கும் தலா 2,500 ரூபாய் சலுகை. முதல் தவணைக்கு எதிராக 2,500 ரூபாய்க்கு வரவுக் குறிப்பு ஒன்று போடுங்கள். பணம் முன்பே முழுதாக வந்துவிட்டதால், அந்த 2,500 மாணவியின் கணக்கில் முன்பணமாக நிற்கும். இரண்டாம் தவணையின் கேட்பு 14,000-இல் சலுகை வரி 2,500 போக 11,500. அதில் முன்பணத்தையும் கழித்தால் கட்ட வேண்டியது 9,000. மூன்றாம் தவணை 11,500. கூட்டிப் பாருங்கள்: 14,000, 9,000, 11,500 சேர்ந்து 34,500. மீதித் தவணைகளில் மட்டும் என்றால் இன்னும் எளிது. ஒவ்வொன்றிலும் 3,750 கழித்து, இரு முறையும் 10,250 வாங்க வேண்டியதுதான்.

ERPNext போன்ற மென்பொருளில் தவணைக் கேட்பு Sales Invoice ஆக இருந்தால், முதல் தவணைக்கு Credit Note போட்டு, அதை அடுத்த தவணையுடன் Payment Reconciliation திரையில் பொருத்தலாம். ஜூன் மாத Payment Entry இருந்தபடியே இருக்கும். வேறு மென்பொருள்களில் பெயர்கள் மாறும், வேலை இதுவேதான்.

பள்ளி அலுவலகங்களில் இன்னொரு குறுக்குவழியும் நடக்கிறது. அது ரசீதை ரத்து செய்வதைவிட மோசமானது. நிலுவையைப் பூஜ்ஜியமாக்குவதற்காக, 'செலுத்திய முறை' என்ற இடத்தில் 'சலுகை' என்று ஒரு வகையை உருவாக்கி, 7,500 ரூபாய்க்கு ரசீது போட்டுவிடுகிறார்கள். நிலுவைப் பட்டியல் உடனே சுத்தமாகிவிடும். ஆனால் வசூல் அறிக்கை 42,000 வந்ததாகக் காட்டும். வங்கியில் 34,500 தான் இருக்கும். இதன் சுமை பெற்றோர் மேலும் விழுகிறது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு கேட்கலாம். அதற்குக் கட்டணச் சான்றிதழ் கேட்டு வரும்போது, மென்பொருள் ரசீதுகளைக் கூட்டி 30,000 என்று அச்சிடும். அவர் உண்மையில் கட்டிய கல்விக் கட்டணம் 22,500 தான். கட்டாத பணத்துக்குப் பள்ளியே சான்று கொடுத்ததாக ஆகிவிடும்.

சரியாகப் பதிந்திருந்தால் இந்த 22,500 ரசீதுகளிலிருந்தே வரும். ஜூன் ரசீதில் கல்விக் கட்டணம் 10,000. இரண்டாம் ரசீதின் 9,000-இல் ஆய்வகத்துக்கு 1,000, பேருந்துக்கு 3,000 போக 5,000. மூன்றாவதில் 7,500. எனவே ரசீதில் ஒவ்வொரு கட்டணத் தலைப்புக்கும் தனி வரி இருப்பது அவசியம். 'பள்ளிக் கட்டணம் 9,000' என்று ஒற்றை வரியில் அச்சிடும் ரசீதிலிருந்து இந்தக் கணக்கை யாராலும் எடுக்க முடியாது.

கேட்பைத் தொடக்கத்திலேயே 34,500 என்று மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றலாம். வேண்டாம். பல மென்பொருள்களில் கட்டண அமைப்பு வகுப்பு முழுவதற்கும் பொதுவானது. ஒரு மாணவிக்காக அதைத் திருத்தினால் மற்றவர்களின் தவணைகளும் மாறலாம். மேலும், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு கட்டணம் வரையறுக்கிறது. கேட்பு முழுத்தொகையாகவும் சலுகை தனி வரியாகவும் இருந்தால்தான், குழு வரையறுத்த தொகையோடு ஒப்பிட முடியும். யாருக்கு, யார் உத்தரவில், எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பதும் ஆண்டு முடிவில் ஒரே அறிக்கையில் கிடைக்கும்.

இதோடு ஒட்டி ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் சேர்ந்த பிள்ளைகளுக்கும் '100 சதவீதச் சலுகை' என்று சில பள்ளிகள் பதிகின்றன. சட்டப்படி அந்த இடங்களுக்கான ஈட்டுத் தொகையை அரசு பள்ளிக்குத் தர வேண்டும். சலுகை என்று எழுதிவிட்டால், வரவேண்டிய பணம் உங்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அரசிடமிருந்து வரவேண்டியது என்று தனிக் கணக்கில் வையுங்கள்.

பதிவு முடிந்ததும் மாணவியின் கணக்கைத் திறந்து, மொத்தக் கேட்பிலிருந்து சலுகையையும் ரசீதுகளையும் கழியுங்கள். இன்றைய நிலையில் 42,000 கேட்பு, 7,500 சலுகை, 14,000 வரவு. மீதி 20,500 காட்ட வேண்டும். 28,000 காட்டினால் சலுகை ஏறவில்லை. 18,000 காட்டினால் வரவுக் குறிப்பின் 2,500 இரண்டு முறை கழிந்திருக்கிறது. முதல் தவணைக்கு வரவுக் குறிப்பும் போட்டு, இரண்டாம் தவணையின் கேட்பிலும் 5,000 குறைத்தால் இப்படி ஆகும். தாமதக் கட்டணமும் பழைய 14,000-ஐ வைத்துக் கணக்கிடப்படாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஏற்கெனவே ரசீதை ரத்து செய்திருந்தால், குறைந்த தொகைக்குப் போட்ட புதிய ரசீதையும் ரத்து செய்யுங்கள். பிறகு 14,000 ரூபாய்க்கே மீண்டும் ஒரு ரசீது போட்டு, பணம் வந்த தேதியையும் வங்கிப் பரிமாற்ற எண்ணையும் ரத்தான ரசீதுகளின் எண்களையும் குறிப்பில் எழுதுங்கள். ரத்தானவற்றை மென்பொருளிலிருந்து அழிக்க வேண்டாம். எண் வரிசையில் இடைவெளி விழக் கூடாது. தந்தைக்குப் புதிய ரசீதோடு, சலுகையும் அடுத்த இரண்டு தவணைத் தொகைகளும் தெரியும்படி கணக்கு விவரத்தையும் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.