மறுப்பதும் மனத்தைக் குலைப்பதும்

*என் தங்கச் சங்கிலியை அடகு வைத்தபோது தீபாவளிக்குள் மீட்டுத் தருவதாகக் கணவர் சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது கேட்டால், "பொங்கலுக்குன்னுதானே சொன்னேன், நீ மாத்திப் பேசுற" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், "அப்பா உன்னை கேஸ்லைட்டிங் பண்றாரும்மா" என்கிறாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இது அதுதானா?*
*— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இது அதுவல்ல என்றே எனக்குப் படுகிறது. உங்கள் கணவர் மறந்திருக்கலாம், பொய்யும் சொல்லியிருக்கலாம். பொய்யென்றால் அது தவறுதான். ஆனால் பொய் வேறு, கேஸ்லைட்டிங் வேறு.

அந்தச் சொல் 1938-இல் இங்கிலாந்தில் மேடையேறிய ஒரு நாடகத்தின் பெயரிலிருந்து வந்தது. 1944-இல் அது ஹாலிவுட் படமாகவும் வந்தது. கணவன் வீட்டுப் பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு, "நீதான் எங்கோ வைத்து மறந்துவிட்டாய்" என்று மனைவியை நம்பவைப்பான். அவன் யாருக்கும் தெரியாமல் மேல்மாடிக்குப் போய் விளக்கேற்றும்போதெல்லாம், கீழே அவள் அறையில் கேஸ் விளக்கு மங்கும். அவள் அதைக் கண்ணால் பார்த்தும், தனக்குத்தான் புத்தி பேதலிக்கிறதோ என்று பயப்படுவாள். கடைசியில் ஒரு போலீஸ் அதிகாரி வந்து, அந்த விளக்கு மங்குவதைத் தானும் பார்க்கிறார். அங்கேதான் அவளுக்கு உயிர் வருகிறது.

1969-இல் இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்தப் பெயரை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவரை மனநோயாளி என்று காட்டி மருத்துவமனையில் தள்ள, வீட்டிலுள்ளவர்களே சதி செய்த சம்பவங்களைப் பற்றியது அது. ஆக, தொடக்கத்திலிருந்தே இந்தச் சொல் குறித்தது ஒரு வாக்குவாதத்தை அல்ல. ஒருவர் தன் கண்ணையும் காதையும் ஞாபகத்தையும் நம்பாமல் போகும்படி, திரும்பத் திரும்ப, ஆதாயத்துக்காகச் செய்யும் வேலையை. இது நோயின் பெயரும் அல்ல. மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இப்படி ஒரு நோய் கிடையாது. ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமையின் பெயர் இது.

இப்போது யாராவது "நான் அப்படிச் சொல்லலை" என்றாலே இந்தச் சொல்லை வீசுகிறார்கள். உங்கள் மகள் உங்கள் மேலுள்ள பாசத்தில்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் உண்மையாகவே இதில் சிக்கிய பெண் பேச வரும்போது, "எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே" என்று கேட்பவர்கள் தள்ளிவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

என்னிடம் ஒரு பெண் வந்தார். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அவருடைய கைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. "சாவியை ஆணியில் மாட்டினேன், காலை 9.10", "கேஸை மூடினேன், இரண்டு தடவை பார்த்தேன்" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சாவி அடிக்கடி இடம் மாறியது. கணவர் அவருடைய அம்மாவுக்கே போன் செய்து, "உங்க பொண்ணுக்கு ஞாபகம் தப்புது" என்று சொல்லிவந்தார். அம்மாவும் நம்பிவிட்டார். அதே நேரத்தில் கணவர், அந்தப் பெண்ணின் பெயரிலிருந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கையெழுத்தும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் தங்கை வந்து தங்கியபோது, கணவர் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போடுவதைப் பார்த்துவிட்டாள்.

உங்கள் வீட்டில் எப்படி என்று பார்க்க, சண்டையில்லாத ஒரு நேரத்தில் அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இருவர் ஞாபகம் வேறாக இருப்பது சகஜம். "சரி, எப்போ மீட்கலாம்?" என்று பேச்சு பணத்துக்குத் திரும்பினால், உங்கள் பிரச்சினை சங்கிலிதான். மீட்கும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு ஒவ்வொரு முறையும் "உனக்குத்தான் மூளை சரியில்லை" என்று திரும்பினால், சீட்டே காணாமல் போனால், உறவினர்களிடம் உங்களைப் பற்றி அப்படியே சொல்லப்பட்டால், அது வேறு விஷயம். அப்போது நடப்பதைத் தேதி போட்டு எழுதி, அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐயும் அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு நிம்மதி தந்தது: "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது." அந்த நோட்டு வைத்திருந்த பெண்ணால் என்னிடம் வந்தபோது அந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியவில்லை. இதை உங்கள் மகளிடமும் படித்துக் காட்டுங்கள்.