வாங்க என்று கேட்காத பிள்ளை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் தாராபுரம் அருகே எங்கள் குலதெய்வக் கோயிலில் கொழுந்தனார் மகளுக்குக் காதுகுத்திக் கிடாவிருந்து வைத்தோம். என் மகனுக்கு ஐந்து வயது. கூட்டத்தைக் கண்டால் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பந்தியில் கணவரின் அக்கா, "வந்தவங்கள வாங்கன்னு கேக்கக்கூடப் புள்ளைக்குச் சொல்லித் தர்றதில்ல, வேலை வேலைன்னு ஓடுனா இப்படித்தான்" என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். என் அம்மாவும் அண்ணனும் பக்கத்து இலையில் இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை; வீடு வந்து கணவரிடம் சண்டை போட்டேன். தை மாதம் எங்கள் கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் மறுபடியும் கூடுவார்கள். என்ன செய்வது?

பெயர் வேண்டாம், காங்கேயம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனார் சொன்ன ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேச்சுகள் இருக்கின்றன. ஒன்று, தம்பி மகன் தன்னை வாங்க என்று கேட்கவில்லையே என்ற மனக்குறை. நம் பக்கத்தில் இது சின்ன விஷயமன்று. வாசலில் வாங்க என்று கேட்காததற்காக வருடக்கணக்கில் படியேறாமல் இருக்கும் பங்காளிகள் எல்லா ஊரிலும் உண்டு. மற்றது, நீங்கள் வேலைக்குப் போவதைக் குறித்த குத்தல். முதலாவதைச் சரிசெய்ய வழியுண்டு. இரண்டாவதற்குப் பந்தியிலேயே பதில் சொல்லப் புகுந்தால், பக்கத்து இலையில் இருக்கும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசுவார். அதற்குமேல் அது பிள்ளை வளர்ப்பைப் பற்றிய பேச்சாக இராது, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையிலான வழக்காகிவிடும். ஆகவே நீங்கள் பேசாமல் இருந்தது சரியே. பேசியிருக்க வேண்டியவர் உங்கள் கணவர்.

அக்காவிடம் தம்பி சொன்னால் அது உரிமை. அதையே தம்பி மனைவி சொன்னால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். இது நியாயமில்லைதான், ஆனால் தை மாதத்துக்குள் நாம் மாற்றிவிடக்கூடியதும் இல்லை. அவர் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை: "அவன் பழகறதுக்குக் கொஞ்ச நேரமாகுமுங்கக்கா, அப்பறம் உங்கள விடமாட்டான். இன்னுங் கொஞ்சம் கறி வெக்கச் சொல்லட்டுங்களா?" கறி வேண்டுமா என்று கேட்கும் அதே குரலில்தான் முதல் பாதியையும் சொல்ல வேண்டும். காரணம் விளக்கக் கூடாது. விளக்கம் என்று தொடங்கினால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். அக்கா மறுபடியும் தொடங்கினால், "வீட்டுல பேசிக்கலாங்கக்கா" என்று எழுந்துவிடலாம். இதை இருவரும் புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் போடும் சண்டையில் அவர் தன் அக்காவுக்காகப் பரிந்து பேசும்படி ஆகிவிடுகிறது.

இனிப் பையன். அமெரிக்க ஆய்வாளர்களான தாமஸும் செஸ்ஸும் 1956 முதல் நியூயார்க்கில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, மெதுவாகப் பழகும் இயல்பினரைத் தனி வகையாகவே குறித்தார்கள். அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 15 சதவீதக் குழந்தைகள் அப்படிப்பட்டவர்கள். இப்படிப்பட்ட பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்தி, "சொல்லு, சொல்லு" என்றால் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பார்க்க விட்டால் தானாக வெளியே வருவான். பிறரைச் சமாதானப்படுத்துவதற்காக அவன் காதுபட "இவனுக்குக் கூச்சங்க" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். நாளைக்கு அவனே அதைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான்.

கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க அக்கா வீட்டுக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். பையனையும் அழைத்துப் போங்கள். அவசரமில்லாத ஒரு சாயங்கால நேரத்தில் போங்கள். கூட்டமில்லாத வீட்டில், கட்டுத்தறியில் கன்றுக்குட்டி இருந்தால் இன்னும் நல்லது, அரைமணி நேரத்தில் அத்தையோடு ஒட்டிக்கொள்வான். அந்த நேரத்தில் உங்கள் கணவர் அக்காவைத் தனியாகக் கண்டு, "அன்னைக்குப் பந்தியில சொன்னது அவங்கம்மா காதுல உழுந்துருச்சுங்கக்கா, எதுன்னாலும் எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்று இரண்டாவது பேச்சை முடித்துவைக்கட்டும். நீங்கள் அங்கே இருக்க வேண்டாம்.

விசேஷத்தன்று வாசலில் நின்று அக்காவை நீங்களே வாய் நிறைய வாங்க என்று கேளுங்கள். பையன் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுங்கள். வாய் திறக்காத பிள்ளையும் சொம்பை நீட்டுவான், அக்காவுக்குச் சேர வேண்டிய மரியாதையும் சேர்ந்துவிடும். அதையும் மீறி யாராவது அவனைக் கிள்ளியோ கையைப் பிடித்து இழுத்தோ பேச வைக்கப் பார்த்தால், யாருக்கும் காத்திராமல் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அங்கே சமாதானம் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டில் நன்றாகப் பேசுகிறவன் பள்ளியில், சேர்ந்த முதல் மாதம் கழிந்த பின்னும், ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறப்பதில்லை என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் போகலாம். குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விருந்தில் மட்டும்தான் ஒளிகிறான் என்றால் கவலை வேண்டாம்.

உங்கள் அண்ணனிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கோபக்காரர் என்றால் அன்றைக்குப் பந்தி விசாரிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்து பேச்சுக் கேட்க அவருக்கு நேரமிருக்காது.